நுரை சான்றாகாது: அடைபட்ட காபி ஃபில்டரை முன்வைத்து ஓர் எதிர்வாதம்

அடைபட்ட எவர்சில்வர் காபி ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் ஆப்ப சோடாவைத் தூவி, அதன்மீது வினிகரை ஊற்றி, பொங்கும் நுரையைக் காட்டி, "பாருங்கள், அழுக்கு எப்படி வெளியேறுகிறது" என்று சொல்லும் செய்முறை கடந்த சில வாரங்களாக நம் ஆய்வாளர் வட்டத்தில் கைமாறிக்கொண்டிருக்கிறது. அதைப் பாராட்டிப் பகிர்ந்தவர்களுள் வேதியியல் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அந்தச் செய்முறை தவறானது என்பதே இப்பதிவின் வாதம். அது வேலை செய்யும் இரண்டு பொருள்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, வேலை செய்யாத மூன்றாவது பொருளாக மாற்றிவிடுகிறது. சற்று நீளமான பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

இதற்கெல்லாம் இவ்வளவு எழுத வேண்டுமா என்று கேட்கக்கூடும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் பழி ஃபில்டர்மீது விழுவதில்லை என்பதுதான் என் பதில். பொடி சரியில்லை, சிக்கரி கூடிவிட்டது, தண்ணீர் கொதிக்கவில்லை, டிகாக்‌ஷன் இறக்கியவருக்குக் கைப்பக்குவம் இல்லை என்றே வீடுகளிலும் விடுதிகளிலும் சொல்லப்படுகிறது. பெரும்பாலும் அந்தப் பழியைச் சுமப்பவர் அதிகாலையில் முதலில் எழுந்து அடுப்படிக்குப் போகும் பெண். துளையில் படிந்த எண்ணெய்க்கும் சுண்ணாம்புக்கும் ஒரு மனிதரின் திறமை விலையாகக் கொடுக்கப்படுகிறது. ஆகவே அந்தத் துளையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று கேட்பது அற்பமான கேள்வி அன்று.

முதலில் அடைப்பின் இயல்பைப் பார்ப்போம். தென்னிந்திய ஃபில்டரின் மேல் பாத்திரத்து அடித்தட்டில் நுண்ணிய துளைகள் இடப்பட்டிருக்கின்றன. அவற்றை மூடுபவை பொதுவாக இரண்டு வகைப் படிவுகள். ஒன்று கரிமப் படிவு. வறுத்த காபிக்கொட்டையில், வகைக்கேற்ப, எடையில் பத்திலொரு பங்கு முதல் ஏழிலொரு பங்கு வரை எண்ணெய் உண்டு. காகித வடிதாள் அந்த எண்ணெயின் பெரும்பகுதியைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளும். உலோகத் தட்டு அப்படி நிறுத்துவதில்லை. எனவே ஒவ்வொரு முறையும் சிறிதளவு எண்ணெய் துளையின் சுவரிலும், கீழ்ப் பாத்திரத்தின் உட்புறத்திலும், மூடியின் விளிம்பிலும் தங்குகிறது. மாவுபோன்ற நுண்பொடி அதில் ஒட்டிக்கொள்கிறது. சிக்கரியின் கருகிய சர்க்கரை உலரும்போது பசைபோல இறுகி இவ்விரண்டையும் பிணைக்கிறது. காற்றுப்படும் எண்ணெய் நாளடைவில் சிதைந்து, காறிய நெடி வீசத் தொடங்குகிறது. பழைய ஃபில்டரில் இறக்கிய புதிய டிகாக்‌ஷனிலும் பழைய வாடை வருவதற்குக் காரணம் இதுவே.

மற்றொன்று கனிமப் படிவு. கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், நீர் சூடாகும்போதும் உலரும்போதும் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்பாக, படிகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் இடங்களில் கெண்டியின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இதுதான். ஃபில்டரைக் கழுவி ஈரத்தோடு கவிழ்த்து வைக்கும்போது ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் ஒரு துளி நீர் தங்கி உலர்கிறது. நாள்தோறும் ஒரு துளி உலர்ந்தால் ஆண்டு முடிவில் துளையைச் சுற்றி ஒரு வெண்வளையம் உருவாகிவிடும்.

இவ்விரண்டு படிவுகளும் தனித்தனி அடுக்குகளாக இருப்பதில்லை. சுண்ணாம்பின் சொரசொரப்பில் எண்ணெய் பிடித்துக்கொள்கிறது. எண்ணெயின்மீது மீண்டும் சுண்ணாம்பு படிகிறது. எனினும் மேற்பரப்பில், நாம் முதலில் எதிர்கொள்ளும் அடுக்காக இருப்பது பெரும்பாலும் எண்ணெய்தான். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லவிருப்பவை யாவும் எளிதில் விளங்கும்.

எண்ணெய்ப் படிவைக் கரைக்கக் காரம் வேண்டும். காறிய எண்ணெயில் கொழுப்பு அமிலங்கள் விடுபட்டுக் கிடக்கின்றன. காரம் பட்டவுடன் அவை சோப்பாக மாறுகின்றன. அந்தச் சோப்பு எஞ்சிய எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்து நீரில் கலந்துவிடுகிறது. காபியின் பழுப்பு நிறப்பொருள்களும் காரத்தில் நன்கு கரைகின்றன. சுண்ணாம்புப் படிவைக் கரைக்க அமிலம் வேண்டும். அமிலம் பட்டால் கார்பனேட் சிதைந்து, கரியமில வாயு வெளியேறி, கால்சியம் நீரில் கரைகிறது. காரம் சுண்ணாம்பை ஒன்றும் செய்யாது. அமிலம் எண்ணெயை ஒன்றும் செய்யாது. ஆகவே இரண்டும் தேவை என்று அந்தச் செய்முறையை உருவாக்கியவர் எண்ணியிருந்தால் அந்த எண்ணம் சரியே. இரண்டையும் ஒரே நேரத்தில் ஊற்றியதுதான் பிழை.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா ஏறத்தாழ 5 கிராம்; அது 0.06 மோல். கடையில் கிடைக்கும் வினிகரில் 4 விழுக்காடு அசிட்டிக் அமிலம் எனக் கொண்டால், 90 மில்லிலிட்டரில் 3.6 கிராம் அமிலம் இருக்கும், அதுவும் 0.06 மோல்தான். இந்த அளவில் இவ்விரண்டையும் கலந்தால் நுரை அடங்கிய பிறகு பாத்திரத்தில் எஞ்சுவது சோடியம் அசிட்டேட் என்னும் உப்பின் நீர்த்த கரைசல் மட்டுமே. அதில் எண்ணெயைச் சோப்பாக்கும் காரமும் இல்லை, சுண்ணாம்பைக் கரைக்கும் அமிலமும் இல்லை. அளவு கூடக்குறைய இருந்தால் இரண்டில் ஒன்று சிறிது மிஞ்சும். சோடா மிஞ்சினால் வலுவற்ற காரம் கிடைக்கும். வினிகர் மிஞ்சினால் எண்ணெய்க்கு மேலே மிதக்கும் அமிலம் கிடைக்கும். இரண்டுமே தனித்து ஊற்றியிருந்தால் கிடைத்திருக்கும் பயனைவிடக் குறைவானவை.

நுரை என்பது சோடாவிலிருந்து வெளியேறும் கரியமில வாயு. அது சோடாவும் வினிகரும் வினைபுரிந்தன என்பதற்குச் சான்று. அழுக்கு கரைந்தது என்பதற்குச் சான்றன்று. துப்புரவான கண்ணாடிக் குவளையில் இவ்விரண்டையும் ஊற்றினாலும் அதே அளவு நுரை பொங்கும். கட்டுப்பாட்டுச் சோதனை இல்லாத முடிவை நம் ஆய்வேட்டில் யாராவது எழுதினால் நெறியாளர் விடமாட்டார். சமையலறைக்குள் நுழைந்ததும் அந்தக் கண்டிப்பை ஏன் வாசலிலேயே விட்டுவிடுகிறோம்?

"ஆனால் எனக்குப் பலன் கிடைத்ததே" என்று சொல்வோருக்கும் பதில் கூற வேண்டும். பலன் கிடைத்திருக்கலாம். பொங்கும் குமிழிகள் தளர்வாக ஒட்டியிருந்த நுண்பொடியை அசைத்திருக்கும். அதைவிட முக்கியமாக, அந்தச் செய்முறையின் இறுதியில் வெந்நீர் ஊற்றிப் பிரஷால் தேய்க்கச் சொல்கிறார்கள். வெந்நீரும் பிரஷும் செய்த வேலைக்கு நுரை பெயர் வாங்கிக்கொண்டது.

இனி, வேலை செய்யும் முறையைப் பார்ப்போம். அதைப் பொதுவாகச் சொல்வதைவிட நடந்த ஒன்றை விவரிப்பதே தெளிவு தரும். தில்லியில் நாங்கள் தங்கியுள்ள ஆய்வாளர் விடுதியில் நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் ஃபில்டர் ஒன்று இருக்கிறது. எங்களுள் மூத்தவரான அக்கா ஒருவர் ஊரிலிருந்து கொண்டுவந்தது. மேல் பாத்திரம் 200 மில்லிலிட்டர் அளவு கொள்ளும். விடுதிக்கு வரும் தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். மூன்று மேசைக்கரண்டிப் பொடிக்கு 150 மில்லிலிட்டர் வெந்நீர் ஊற்றினால், முன்பு கால் மணி நேரத்தில் இறங்கிய டிகாக்‌ஷன், இப்போது ஒரு மணி நேரம் கழித்தும் பாதிக்கு மேல் இறங்காமல் நின்றது. அதைப் பரணில் போட்டுவிட்டுப் புதியது வாங்கலாம் என்று பேச்சு வந்தது. சோடாவும் வினிகரும் இருமுறை ஊற்றப்பட்டிருந்தன. மாற்றம் இல்லை.

முதலில் சோதனை. மேல் பாத்திரத்தைக் கவிழ்த்து, பின்புறமிருந்து கைப்பேசி விளக்கைக் காட்டி, உள்ளிருந்து பார்த்தோம். நடுப்பகுதித் துளைகளில் ஒளி தெரிந்தது. விளிம்பை ஒட்டிய இரண்டு வரிசைகள் இருண்டிருந்தன. ஆனால் வெறும் நீரை ஊற்றியபோது, ஒளி தெரிந்த நடுத்துளைகள் வழியாகவும் நீர் சரியாக இறங்கவில்லை. அதில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தை விட்டவுடன் நடுவில் நீர் இறங்கத் தொடங்கியது. இதன் பொருள் என்ன? நடுத்துளைகள் திறந்தே இருந்தன. ஆனால் துளையின் சுவரில் எண்ணெய்ப் படலம் இருந்ததால் நீர் அதை நனைக்க மறுத்து, தன் பரப்பு இழுவிசையாலேயே தொங்கி நின்றது. கண்ணுக்குத் திறந்ததாகத் தோன்றும் துளை நீருக்கு மூடியிருக்கலாம். ஊசியால் குத்திக்கொண்டே இருப்பவர்கள் இந்த ஒன்றைக் கவனிப்பதில்லை. விளிம்பு வரிசைகளிலோ, சோப்பு விட்ட பிறகும் நீர் இறங்கவில்லை. அங்கே திடப்பொருளே அடைத்திருந்தது.

அந்த விளிம்பின்மீது சிட்ரிக் அமிலக் கரைசலில் ஒரு துளி வைத்துப் பார்த்தோம். குமிழி எழவில்லை. சுண்ணாம்பே இல்லை என்று அப்போது முடிவுகட்டியிருந்தால் பிழையாகியிருக்கும்.

அடுத்து காரம். வேண்டியது ஆப்ப சோடா அன்று, சலவைச் சோடா. முன்னது பைகார்பனேட், பின்னது கார்பனேட். பெயர் ஒத்திருந்தாலும் வலு ஒத்ததன்று. ஆப்ப சோடாக் கரைசலின் பி.எச். அளவு எட்டைச் சற்றே தாண்டும். சலவைச் சோடாவினது பதினொன்றைத் தொடும். அது மடக்கை அளவுகோல் ஆதலால் இந்த இடைவெளி காரத்தன்மையில் பல நூறு மடங்கு. தில்லி மளிகைக் கடையில் துணி துவைக்கும் சோடா என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து இறக்கி, இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 20 முதல் 30 கிராம் வரை, சலவைச் சோடாவை மெதுவாகக் கரைத்தோம். ஃபில்டரின் நான்கு பகுதிகளையும் கழற்றி, மேல் பாத்திரம், கீழ்ப் பாத்திரம், பொடியை அமுக்கும் தண்டுத்தட்டு, மூடி ஆகிய அனைத்தையும் அதில் மூழ்கவைத்து, ஒரு மணி நேரம் மூடிவைத்தோம். சில நிமிடங்களிலேயே நீர் தேநீர் நிறம் கொண்டது. இறுதியில் கறுப்புக் காபி போலாயிற்று. கையுறை அணிந்துகொண்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் அடித்தட்டை வெளிப்புறமிருந்து உள்நோக்கித் தேய்த்தோம். பொடி மேலிருந்து வந்து சிக்கியது. அதை வந்த வழியே திருப்பி அனுப்புவதுதான் எளிது. ஒருமுறை போதவில்லை. புதிய கரைசலில் மீண்டும் அரை மணி நேரம் வைத்தபோது நீர் வெளிறிய மஞ்சளாகவே நின்றது. கரையக்கூடியது பெரும்பாலும் கரைந்துவிட்டது என்பதற்கு அந்த நிறமே அடையாளம்.

இங்கே ஓர் இடைநிலைப் படி உண்டு. பலர் அதைத் தவறவிடுகிறார்கள். காரத்தால் உருவான சோப்பு, கடின நீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்தால் நீரில் கரையாத ஒட்டும் கசடாக மாறும். குளியலறை வாளியில் படியும் சாம்பல்நிறப் படலம் இத்தகையதே. ஆகவே முதல் அலசலை வெந்நீரில் விரைவாகச் செய்து, உடனே பாத்திரம் கழுவும் திரவத்தால் ஒருமுறை கழுவிவிட வேண்டும். அதன்பின் துப்புரவைச் சோதிக்க, உலோகப் பூச்சுத் தொழிலில் வழக்கமாகச் செய்யும் ஒரு சோதனை இருக்கிறது. பரப்பில் நீரை வழியவிட வேண்டும். நீர் முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. உடையாத மெல்லிய விரிப்பாகப் பரவினால் எண்ணெய் நீங்கிவிட்டது. ஆனால் சோப்பு எஞ்சியிருந்தாலும் நீர் பரவும். ஆதலால் நன்றாக அலசிய பிறகே இதைச் செய்ய வேண்டும். எங்கள் ஃபில்டரின் கீழ்ப் பாத்திரம் இச்சோதனையில் தேறியது.

இப்போது முன்பு குமிழி எழாத அதே விளிம்பில் மீண்டும் ஒரு துளி சிட்ரிக் அமிலம். இம்முறை குமிழிகள் எழுந்தன. சுண்ணாம்பு முதலிலிருந்தே அங்கு இருந்தது; எண்ணெய் அதற்குக் கவசமாக இருந்தது. முதலில் காரம், பிறகு அமிலம் என்ற வரிசைக்கு இதைவிடத் தெளிவான நியாயம் வேண்டியதில்லை. நுரையைச் சான்றாகக் கொள்ளலாகாது என்று மேலே சொன்னேன். இங்கே குமிழியைச் சான்றாகக் கொள்கிறேனே என்று கேட்கலாம். முன்னதில் வாயு நாம் ஊற்றிய சோடாவிலிருந்து வந்தது. பின்னதில் நாம் எந்தக் கார்பனேட்டையும் இடவில்லை, சோடாவையும் அலசி நீக்கியிருந்தோம்; ஆகவே வாயு படிவிலிருந்துதான் வந்திருக்க முடியும். எதிலிருந்து எழுந்தது என்று தெரிந்த நுரைக்கு மட்டுமே பொருள் உண்டு.

சிட்ரிக் அமிலம் தமிழ்நாட்டில் எலுமிச்சை உப்பு என்றும், வடக்கில் டாட்ரி என்றும் மளிகைக் கடையில் கிடைக்கும். அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டி, ஏறத்தாழ 15 கிராம், கரைத்து, மேல் பாத்திரத்தையும் தண்டுத்தட்டையும் அரை மணி நேரம் மூழ்கவைத்தோம். அந்த அளவு அமிலம் கணக்கின்படி 10 கிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்பைச் சிதைக்கவல்லது. ஒரு ஃபில்டரில் அவ்வளவு இருக்க வாய்ப்பில்லை. கொதிக்கும் நீரில் இதைச் செய்ய வேண்டாம். கால்சியம் சிட்ரேட் சூட்டில் கரைவது குறைவு. சுண்ணாம்பு போன இடத்தில் மற்றொரு வெள்ளைப் படிவு வந்து உட்கார்ந்துவிடும். வினிகரைத் தனியாகப் பயன்படுத்தினாலும் இதே வேலை நடக்கும். நேரமும் வாடையும் சற்றுக் கூடும், அவ்வளவே. அரை மணி கழித்து விளக்கைக் காட்டியபோது விளிம்பு வரிசைகளிலும் ஒளி வந்தது. நான்கைந்து துளைகள் மட்டும் இருண்டே இருந்தன. அவற்றை நுனி சீவிய ஈர்க்குச்சியால் வெளிப்புறமிருந்து மெல்லத் தள்ளியபோது மிருதுவாகிப்போன பொடி உதிர்ந்தது. இறுதியில் வெறும் வெந்நீர் ஒரு நிமிடத்துக்குள் இறங்கியது.

இந்த முறைக்கு எதிராக வைக்கப்படும் வாதங்களுள் மூன்றை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, நெருப்பு. மேல் பாத்திரத்தின் அடித்தட்டை அடுப்புத் தணலில் நேரே காட்டிச் சிவக்கவிட்டு, பிறகு தட்டினால் அடைப்பு உதிர்ந்துவிடும் என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் கையாண்ட வழி. இதை மூடநம்பிக்கை என்று நான் சொல்லமாட்டேன். பொடியும் எண்ணெயும் கருகிச் சாம்பலாவதால் துளை உண்மையிலேயே திறக்கும். ஆனால் சுண்ணாம்பு 800 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில்தான் சிதையத் தொடங்கும். வீட்டு அடுப்பில் காட்டும் தட்டு அதை எட்டும் என்று நம்ப இடமில்லை. எனவே கடின நீர் ஊர்களில் நெருப்பு பாதி வேலையே செய்யும். அத்துடன், எவர்சில்வருக்குத் துருப்பிடிக்காத தன்மையைக் கொடுப்பது அதன் மேற்பரப்பிலுள்ள குரோமியம் ஆக்சைடுப் படலம். தட்டு நீலமும் பழுப்புமாக நிறம் மாறும் அளவுக்குச் சுட்டால், அந்தப் படலம் தடித்து, அதற்குக் கீழே குரோமியம் குறைந்த அடுக்கு உண்டாகிறது. அவ்விடத்தில் துரு எளிதில் ஏறும். மெல்லிய தட்டு நெளிந்தால் கீழ்ப் பாத்திரத்தில் சரியாக அமராது. பழைய கனமான பாத்திரம் இதைத் தாங்கியது என்பது இன்றைய மெல்லிய பாத்திரமும் தாங்கும் என்பதற்கு உத்தரவாதமன்று.

இரண்டாவது, ஊசி. தையல் ஊசியும் குண்டூசியும் மேலிருந்து குத்தும்போது அடைப்பை ஆப்பு போல இன்னும் இறுக்கலாம். துளை திறந்தாலும் அதன் விளிம்பில் பிசிறு உண்டாகி அடுத்த பொடி அங்கேயே சிக்கும். அகன்றுபோன துளை வழியே நுண்பொடி இறங்கி டிகாக்‌ஷன் அடியில் வண்டலாகும். கெட்டுப்போன துளையைத் திரும்பச் சிறிதாக்கும் வழி நம்மிடம் இல்லை. கரைக்க வேண்டியதைக் கரைத்த பிறகு எஞ்சும் ஓரிரு துளைகளுக்கே குச்சி. அதுவும் உலோகத்தைவிட மெத்தென்ற குச்சி.

மூன்றாவது வாதமே வலுவானது. அதற்கு மரியாதையுடன் பதில் சொல்ல வேண்டும். ஃபில்டரைச் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது, அந்த எண்ணெய்தான் டிகாக்‌ஷனுக்கு மணத்தைத் தருகிறது, தோசைக்கல்லைப் போல ஃபில்டரும் பழக வேண்டும் என்பது அது. இதைச் சொல்பவர்கள் அனுபவத்திலிருந்து சொல்கிறார்கள்; ஃபில்டரை நன்றாகத் துலக்கிய மறுநாள் டிகாக்‌ஷன் நீர்த்துப் போயிருந்ததைக் கண்ணால் கண்டிருக்கிறார்கள். கண்டது உண்மை, அதற்குக் கூறும் காரணமே பிழை. ஃபில்டர் சிறிது சிறிதாக அடைத்துக்கொண்டுவரும்போது நாமும் நம்மை அறியாமலே அதற்கேற்ப மாறிவிடுகிறோம். பொடியைச் சற்றுப் பெருநறுக்காக அரைக்கச் சொல்கிறோம். தண்டுத்தட்டை அழுத்தாமல் மேலோட்டமாக வைக்கிறோம். துளைகள் திறந்த அன்று நீர் அந்தப் பெருநறுக்குப் பொடியின் ஊடே விரைந்து ஓடிவிடுகிறது. சாரம் இறங்க நேரமில்லை. எங்கள் விடுதியிலும் முதல் நாள் டிகாக்‌ஷன் நீர்த்தே இருந்தது. தட்டைச் சற்று இறுக அமுக்கி, அடுத்த முறை பொடியை நைசாக வாங்கியதும், கால் மணி நேரத்தில் கெட்டியாகவே இறங்கியது.

தோசைக்கல் உவமையும் இங்கே பொருந்தாது. இரும்புக் கல்லில் எண்ணெய் 200 பாகையை ஒட்டியும் தாண்டியும் சூடேறி, இறுகி, கெட்டியான பூச்சாகிறது. ஃபில்டர் கொதிநீரின் சூட்டைத் தாண்டுவதேயில்லை. ஆகவே அங்குள்ள எண்ணெய் பூச்சாக இறுகாமல், பிசுபிசுத்த நிலையிலேயே கிடந்து காறுகிறது. இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. "சுத்தமாக இருக்கிறது" என்று நீங்கள் கருதும் ஃபில்டரில் பொடியிடாமல் கொதிநீரை மட்டும் ஊற்றி, மூடி, பத்து நிமிடம் கழித்துக் கீழ்ப் பாத்திரத்து நீரை முகர்ந்து பாருங்கள். பழைய எண்ணெய்ப் பலகாரத்தின் வாடை வந்தால், நீங்கள் மணம் என்று போற்றிவந்தது அதுவே.

இம்முறையின் எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். இது எவர்சில்வருக்கு மட்டும். சலவைச் சோடா அலுமினியத்தை அரித்துக் கறுக்கச் செய்யும். ஆகவே ஃபில்டரை ஊறவைக்கும் பாத்திரமும் அலுமினியமாக இருக்கலாகாது. ஈயம் பூசிய பித்தளை ஃபில்டருக்குச் சூடான காரமும் அமில ஊறலும் இரண்டுமே தீங்கு. கழிவறை கழுவும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் எவர்சில்வரில் நுண்குழிகளை உண்டாக்கும். அவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்தால் குளோரின் வாயு எழும். அது உயிருக்கே ஆபத்து. கம்பி நார் கீறும். கீறலில் எண்ணெய் தங்கும்.

அடுத்த அடைப்பைத் தள்ளிப்போடுவது எளிது. டிகாக்‌ஷன் இறங்கியதும் சக்கையைத் தட்டிவிட்டு, அது உலர்வதற்கு முன்பே, அடித்தட்டை வெளிப்புறமிருந்து நீர்விட்டு அலசி, ஒரு சொட்டுத் திரவத்தால் கழுவி, துணியால் துடைத்து வைக்க வேண்டும். துடைப்பதால் சுண்ணாம்புத் துளி உலர்ந்து படிய இடமில்லாமற் போகிறது. பத்து நாளுக்கு ஒருமுறை சலவைச் சோடாவில் கால் மணி நேரம். விளிம்பில் வெண்மை தெரிந்தால் மட்டும் சிட்ரிக் அமிலம். மென்னீர் கிடைக்கும் ஊரில் பின்னதற்குத் தேவையே எழாமற்போகலாம்.

சலவைச் சோடாவும் டாட்ரியும் பகட்டில்லாத பொருள்கள். ஒன்று நீரைக் கறுப்பாக்கும். மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத அளவில் குமிழிவிடும். படம்பிடித்துக் காட்ட அவற்றில் ஒன்றுமில்லை. நுரை பரவலாகப் பகிரப்படுவதும் இவை பகிரப்படாமல் இருப்பதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்துடையோர் ஒரு சோதனை செய்து பாருங்கள்: தண்டுத்தட்டின் ஒரு பாதியைச் சோடா வினிகர்க் கலவையிலும், மறுபாதியைச் சூடான சலவைச் சோடாக் கரைசலிலும் ஒரே நேரம் ஊறவைத்து, அலசி, நீரை வழியவிட்டுப் பாருங்கள். எந்தப் பாதியில் நீர் முத்தாகத் திரள்கிறது என்பதைக் கீழே எழுதுங்கள். முடிவு என் வாதத்துக்கு எதிராக வந்தாலும் எழுதுங்கள். எந்த நீர், எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதைச் சேர்த்து எழுதினால் மேற்கொண்டு பேசலாம். அதுவரை, நாளைக் காலை டிகாக்‌ஷன் இறங்கவில்லை என்றால், அதை இறக்கியவரைக் குறைசொல்லுமுன் துளைக்குப் பின்னால் ஒரு விளக்கைக் காட்டிப் பார்த்துவிடுங்கள்.